செப்டம்பர் ரிட்டர்ன் நின்றது, டிசம்பரில் வண்டி நின்றது

கோபிசெட்டிபாளையத்தில் சின்னதாக ஒரு மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறேன். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடியைத் தொடாது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சுற்று வட்டாரத்து விவசாயிகள். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ லோடு மட்டும் திம்பம் மலை ஏறி, கர்நாடகத்தில் சாம்ராஜ்நகரில் இருக்கும் ஒரு கடைக்குப் போகும்.

2023 டிசம்பர் 6, புதன்கிழமை. அந்தக் கடைக்குப் பத்து நீர்மூழ்கி மோட்டார் செட்டுகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றிவிட்டோம். சரக்கு மதிப்பு 1,50,000 ரூபாய், 18 சதவீத ஐஜிஎஸ்டி 27,000 ரூபாய். மொத்தம் 1,77,000 ரூபாய்க்கு பில். மணி மதியம் ஒன்று. திம்பத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் சரக்கு வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் டிரைவர் தம்பிக்கு அவசரம். "அண்ணா, மூணு மணிக்கு கெளம்பிட்டா சரியா இருக்குங்க" என்றார்.

சரக்கோடு வண்டியில் போக வேண்டிய அரசு அனுமதிச் சீட்டுதான் இ-வே பில். அதற்கான தளத்தில் விவரங்களை அடித்து முடித்துக் கொடுத்தால் ஏற்கவில்லை. விற்பவரின் ஜிஎஸ்டி எண் முடக்கப்பட்டிருக்கிறது, ரிட்டர்ன் தாக்கல் செய்யப்படவில்லை என்ற பொருளில் சிவப்பில் ஒரு வரி வந்தது. எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அடித்தேன். அதே வரி.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான்கு நாளைக்கு முன்பு கோயம்புத்தூரிலிருந்து எனக்குச் சரக்கு வந்திருந்தது, அதுவும் இ-வே பில்லோடு. என் எண் முடங்கியிருந்தால் அது எப்படி வந்தது? அன்று எனக்குத் தெரியாத விஷயம் இது. ரிட்டர்ன் விட்டவருக்கு இப்போது வெளியே போகும் சரக்குக்கு மட்டும்தான் தடை. அவர் வாங்கும் சரக்குக்கு விற்பவர் தாராளமாக இ-வே பில் போடலாம். 2021 மே மாதத்துக்கு முன்பு இரண்டு பக்கமும் அடைத்துவிடுவார்கள். அதன் பிறகு விதியைத் தளர்த்தினார்கள்.

உள்ளூர் விற்பனையிலும் தடை தெரியவில்லை. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரை இ-வே பில் தேவையில்லை. விவசாயிக்குப் போகும் ஒரு மோட்டாரும் கேபிளும் முப்பது நாற்பதாயிரத்தைத் தாண்டாது. வேறு மாநிலத்துக்குப் போகும்போதுதான் வரம்பு ஐம்பதாயிரம். ஆகவே என் எண் எந்த நாளில் முடங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாம்ராஜ்நகர் லோடு ஏற்றிய நாளில்தான் அது கண்ணில் பட்டது.

எங்கள் கணக்கைப் பார்ப்பவரை ஆடிட்டர் என்றே கூப்பிடுவோம், அவர் வரி ஆலோசகர். அக்டோபரில் அவருடைய அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் அலுவலகத்தை உதவியாளர் தம்பிதான் பார்த்துக்கொண்டார். போன் போட்டேன். அவர் தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணா, செப்டம்பர் ஆர்-1 சேவ் பண்ணி வச்சிருக்கு, ஃபைல் ஆகலைங்க" என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அக்டோபர் 11, கடைசி நாள். மாலையில் அவர் ஓடிபி கேட்டார். நான் ஒரு தோட்டத்தில், போர்வெல் பக்கத்தில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தேன். டவர் கிடைக்கவில்லை. வந்த ஓடிபி காலாவதியான பிறகுதான் அதைப் பார்த்தேன். "காலைல போட்டுக்கலாம்" என்று பேசிக்கொண்டோம். காலையில் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பில் விவரங்கள் எல்லாம் ஏறியிருந்தன, கடைசிக் கையெழுத்து மட்டும் விழவில்லை. சேவ் ஆன ரிட்டர்னும் தாக்கலான ரிட்டர்னும் திரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். தாக்கலானதற்கு அடையாளம் `Filed` என்ற சொல்லும், ஏஆர்என் என்ற ஒப்புகை எண்ணும். அந்த எண் இல்லை என்றால் ரிட்டர்ன் போகவில்லை என்று அர்த்தம்.

ஒரு ஆர்-1 விட்டதற்கு இவ்வளவா என்று கேட்டேன். அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன்.

ஆர்-1 என்று சுருக்கிச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, நாம் விற்றதன் பட்டியல். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கடைசி. ஜிஎஸ்டிஆர்-3பி என்பது வரி கட்டும் ரிட்டர்ன், 20-ஆம் தேதி கடைசி. 2022 அக்டோபரிலிருந்து இரண்டையும் ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டார்கள். ஒரு மாதத்து ஆர்-1 போகாமல் அந்த மாதத்து 3பியைப் போட முடியாது. போன மாதத்து 3பி போகாமல் இந்த மாதத்து ஆர்-1 போகாது. ஆகவே செப்டம்பர் ஆர்-1 நின்றதும் செப்டம்பர் 3பி நின்றது. அது நின்றதால் அக்டோபர் ஆர்-1 நின்றது, அதனால் அக்டோபர் 3பியும் நின்றது. நவம்பர் 11 அன்று அக்டோபர் ஆர்-1-க்குக் கடைசி நாள், மறுநாள் தீபாவளி. கடையில் நான் இடுப்பு ஒடிய வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். ரிட்டர்ன் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை.

இ-வே பில் தடை பற்றிய விதி 138ஈ. அதில் கணக்கு இரண்டு விதமாக ஓடுகிறது. 3பி என்றால் தொடர்ந்து இரண்டு வரிக்காலம் விட்டிருக்க வேண்டும். ஆர்-1 என்றால் ஏதாவது இரண்டு மாதமோ காலாண்டோ விட்டிருந்தாலே போதும், அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்றில்லை. இணக்க வரியில் இருப்பவர்களுக்கு சிஎம்பி-08 அறிக்கையை இரண்டு காலாண்டு தொடர்ந்து விட்டால் தடை. நான் இரண்டு கணக்கிலும் சிக்கியிருந்தேன், ஆர்-1 இரண்டு, 3பி இரண்டு. மூலகாரணம் மட்டும் ஒரே ஒரு ஓடிபி.

இதற்குள் கடையில் யோசனைகள் வர ஆரம்பித்தன. லோடுமேன் ஒருவர், வாங்குகிற சாம்ராஜ்நகர்க்காரரையே இ-வே பில் போடச் சொல்லலாம் என்றார். அவரிடம் சொன்னோம், அவரும் முயன்று பார்த்தார். அதே சிவப்பு வரிதான் அவருக்கும் வந்தது. யார் போட்டாலும், விற்பவர் என்ற இடத்தில் வரும் எண்ணைத்தான் தளம் சோதிக்கிறது. டிரான்ஸ்போர்ட்காரர் போட்டாலும் முடிவு அதேதான். "பதிவு இல்லாதவர்கிட்ட இருந்து வாங்கற மாதிரி போட்டுரலாமே" என்றார் இன்னொருவர். பில்லில் என் ஜிஎஸ்டி எண் அச்சாகியிருக்கிறது, இ-வே பில்லில் பதிவு இல்லாதவர் என்று இருக்கும். வழியில் நிறுத்தி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அங்கேயே கதை முடிந்தது. பக்கத்துக் கடை பெயரில் பில் போட்டு அனுப்பலாம் என்ற யோசனையும் வந்தது. அது வேறு மாதிரி குற்றம், அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

டிரைவர் தம்பி, "பில்ல மட்டும் குடுங்கண்ணா, பாத்துக்கலாம்" என்றார். உண்மையைச் சொன்னால் அதற்கு எனக்கு ஒரு நிமிடம் மனசு போனது. இ-வே பில் இல்லாமல் பிடிபட்டால் சரக்கின் உரிமையாளர் முன்வந்து வண்டியை எடுக்க, வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கட்ட வேண்டும். என் பில்லில் வரி 27,000, ஆக அபராதம் 54,000. அந்த லோடில் என் லாபம் அதில் கால்வாசி கூட இல்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் எங்கள் சங்கத்து நண்பர் ஒருவர், இபிடபிள்யூ-05 என்ற விண்ணப்பம் இருக்கிறது, அதைப் போட்டால் ஆபீசர் தடையை எடுத்துவிடுவார் என்றார். அப்படி ஒரு விண்ணப்பம் உண்டுதான். ஜிஎஸ்டி தளத்தில் காரணத்தை எழுதி ஆவணங்களை இணைத்து அனுப்ப வேண்டும். அதிகாரி ஏற்றாலும் மறுத்தாலும் இபிடபிள்யூ-06 என்ற ஆணையாக வரும், மறுப்பதற்கு முன் நம் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஆனால் அது தற்காலிக அனுமதி. வரி கட்டப் பணமே இல்லை, சரக்கு போய்ப் பணம் வந்தால்தான் ரிட்டர்ன் போட முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கானது. எனக்குப் பணமும் இருந்தது, பில் விவரங்களும் ஏற்கெனவே ஏறியிருந்தன. உதவியாளர் தம்பி சொன்னது சரியாகப் பட்டது: "அத போட்டுட்டு ஆபீசர் பாக்கற வரைக்கும் காத்திருக்கறதுக்கு, ரிட்டர்னையே போட்டுரலாங்கண்ணா."

இரண்டு மாதத்தையும் உடனே போட வேண்டும் என்று நான் பதறினேன். அவர் வேண்டாம் என்றார். தடைக்குத் தேவை இரண்டு, அது ஒன்றாகக் குறைந்தாலே தடை விலகும். ஆகவே பழையதை மட்டும் முதலில் முழுதாக முடிப்போம், அக்டோபரை நாளைக்குப் பார்க்கலாம் என்றார். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். இரண்டு மாத வரியையும் ஒரே நாளில் புரட்ட வேண்டிய அவசியமில்லை. ஆனால் எடுக்க வேண்டியது பழைய மாதத்தை. கோர்வை அப்படித்தான் இருக்கிறது, புதியதை முதலில் போட நினைத்தாலும் தளம் விடாது.

நான்கு மணிக்கு செப்டம்பர் ஆர்-1 போனது. இந்த முறை போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனதும் ஆசையாக இ-வே பில் தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். தடை அப்படியே இருந்தது. ஆர்-1 கணக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது, 3பி கணக்கு இன்னும் இரண்டு.

3பிக்கு உள்ளீட்டு வரி வரவு கழித்து ரொக்கமாகக் கட்ட வேண்டியது 18,400 ரூபாய். சலான் எடுத்து நெட்பேங்கிங்கில் கட்டியதும் ரொக்கப் பேரேட்டில் ஏறிவிட்டது. அவசர நாளில் நெட்பேங்கிங் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். வங்கிக் கவுண்டரில் பத்தாயிரத்துக்கு மேல் கட்ட முடியாது, நெஃப்ட் என்றால் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அதோடு, பணம் பேரேட்டில் ஏறிவிட்டதாலேயே வரி கட்டியதாக ஆகாது. 3பியைத் தாக்கல் செய்து அந்தப் பணத்தை வரிக்கு எதிராகக் கழித்த பிறகுதான் கணக்கு. சலான் கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு ரிட்டர்ன் முடிந்தது என்று நம்பிக்கொண்டிருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

தாமதக் கட்டணம் அந்த ரிட்டர்னில் வரவில்லையே என்று சந்தோஷப்பட்டேன். அது அடுத்த மாத ரிட்டர்னில்தான் வரும். அக்டோபர் 21 முதல் டிசம்பர் 6 வரை 47 நாள், நாளுக்கு 50 ரூபாய் என்றால் 2,350. ஒன்றரைக் கோடிக்குள் விற்பனை உள்ளவர்களுக்கு ஒரு ரிட்டர்னுக்கு உச்சவரம்பு 2,000, அதனால் 2,000 ரூபாய்தான் அக்டோபர் 3பியில் வந்து உட்கார்ந்தது. இதை உள்ளீட்டு வரி வரவிலிருந்து கழிக்க முடியாது, ரொக்கமாகவே கட்ட வேண்டும். ரொக்கமாகக் கட்டிய 18,400-க்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்று 47 நாளுக்கு வட்டி 426 ரூபாய். அக்டோபருக்கான தாமதக் கட்டணம் 17 நாளுக்கு 850, அது நவம்பர் ரிட்டர்னில் வந்தது. கூட்டிப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. எனக்கு வலித்தது வேறு இடத்தில், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆறு மணி வாக்கில் 3பி போய் ஏஆர்என் வந்தது. தடை தானாக விலகும், ஆனால் ஜிஎஸ்டி தளத்திலிருந்து இ-வே பில் தளத்துக்குத் தகவல் போய்ச் சேர மறுநாள் ஆகலாம். காத்திருக்க விருப்பமில்லாதவர்களுக்கு ewaybillgst.gov.in முகப்பில் `Search` பகுதிக்குள் `Update Block Status` என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும். ரிட்டர்ன் போட்டிருந்தால் அங்கேயே புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தலாம். நான் அழுத்தியதும் நிலை மாறியது. ரிட்டர்னே போடாமல் அந்தப் பொத்தானை நூறு முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது, மதியம் நானே அழுத்திப் பார்த்தேன்.

ஆனால் ஆறு மணிக்குத் திம்பம் மூடிவிட்டது. இ-வே பில்லை அன்று போடவில்லை. அந்தத் தூரத்துக்குச் செல்லுபடி ஒரு நாள்தான், வண்டி கிளம்பாமல் அதை எதற்குச் செலவழிப்பது? காலையில் எழுந்து போட்டேன், சிக்கல் இல்லாமல் வந்தது. வண்டி ஏழு மணிக்குக் கிளம்பியது. ஓர் இரவு வண்டி நின்றதற்குத் தனியாக வாடகை கொடுத்தேன். அன்று மதியத்துக்குள் அக்டோபர் ஆர்-1, 3பி இரண்டையும் முடித்தோம்.

இப்போது அந்த வலித்த இடம். அக்டோபர் பதினைந்து வாக்கில் சாம்ராஜ்நகர்க்காரர் எனக்குப் போன் செய்திருந்தார். "சார், உங்க செப்டம்பர் பில் என் 2பியில வரலையே" என்றார். 2பி என்பது, வாங்கியவருக்கு எந்தெந்த பில்லுக்கு வரி வரவு கிடைக்கும் என்று மாதாமாதம் 14-ஆம் தேதி வரும் அறிக்கை. விற்றவர் ஆர்-1 போட்டால்தான் பில் அதில் ஏறும். "அடுத்த மாசம் வந்துடும் சார்" என்று நான் சமாளித்துவிட்டேன். தளம் என்னைத் தடுப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பே ஒரு மனிதர் என்னிடம் சரியாகச் சொல்லியிருக்கிறார். நவம்பரில் மறுபடி சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு, செப்டம்பர் பில்லில் வரித் தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார். நான் அதை வியாபாரப் பேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைவூட்டல்களும் வந்திருக்கின்றன. ஆனால் ஜிஎஸ்டி பதிவில் இருந்த மின்னஞ்சல் ஆடிட்டர் அலுவலகத்துடையது, பதிவு செய்த காலத்தில் அவர்கள் போட்டது. ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை என்ற 3ஏ நோட்டீஸ் அதில் படிக்கப்படாமல் கிடந்தது. முதல் வேலையாக மின்னஞ்சலை என்னுடையதாக மாற்றினேன். இந்த மாதிரித் திருத்தத்துக்கு அதிகாரி ஒப்புதல் தேவையில்லை, ஓடிபியிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்று, யாரையும் கேட்காமல் நானே பார்க்கக்கூடியது. ஜிஎஸ்டி தளத்தில் உள்ளே நுழையாமலே `Search Taxpayer` போய் என் எண்ணைக் கொடுத்து `Show Filing Table` அழுத்தினால், எந்த மாதத்து ஆர்-1, எந்த மாதத்து 3பி, எந்தத் தேதியில் போனது என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி ஒரு முறை, 21-ஆம் தேதி ஒரு முறை பார்க்கிறேன். ஒரு நிமிட வேலை. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஏஆர்என் வாட்ஸப்பில் வந்தாலும் இதை விடுவதில்லை. புதிதாக ஒரு கடைக்காரரிடம் சரக்கு வாங்கும்போது அவருடைய எண்ணையும் இதே இடத்தில் போட்டுப் பார்க்கிறேன். ஆர்-1 தேதிகளில் இடைவெளி இருந்தால் என் வரி வரவும் தாமதமாகும் என்று இப்போது தெரியும்.

எங்கள் தெருவில் நூல் கடை வைத்திருப்பவருக்கும் இதே தடை வந்தது, காரணம் வேறு. இரண்டு மாதம் கடையை மூடியிருந்தார், விற்பனையே இல்லை, அதனால் ரிட்டர்னும் வேண்டாம் என்று நினைத்துவிட்டார். விற்பனை இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். அதற்கு ஆடிட்டர் கூடத் தேவையில்லை, பதிவு செய்த போனிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினாலே போதும். ஆர்-1-க்கு இப்படி, எண்ணின் இடத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் கடைசியில் மாதமும் ஆண்டும்:

```
NIL R1 GSTIN 092023
```

பதிலாக ஒரு குறியீடு வரும், `CNF R1` என்று அடித்து, இடைவெளி விட்டு அதைச் சேர்த்துத் திருப்பி அனுப்பி உறுதி செய்ய வேண்டும். 3பிக்கு `R1` இடத்தில் `3B`. இங்கும் முதலில் ஆர்-1, பிறகுதான் 3பி.

சாம்ராஜ்நகர்க்காரருக்கு அந்த செப்டம்பர் பில், டிசம்பர் 14 அன்று வந்த நவம்பர் 2பியில் ஏறியது. தாமதமாகப் போட்ட ஆர்-1, பில் தேதி எதுவானாலும், போட்ட தேதிக்குரிய 2பியில்தான் ஏறும். மறுநாள் காலையில் பிடித்து வைத்திருந்த வரித் தொகையை அனுப்பினார். கூடவே ஒரு செய்தி: "சார், டிசம்பர் பில்லும் ஜனவரியில வருமில்ல?" அந்தக் கேள்விக்குப் பதில்போல, இப்போது மாதாமாதம் ஏஆர்என் படத்தை அவருக்கு நானே அனுப்பிவிடுகிறேன்.